இல்லாத ஒரு நத்தையைச் சேர்த்தால் கணக்கு ஏன் சரியாகிறது?

மாணவர்களே, ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களில் உங்கள் தாத்தா பாட்டி யாராவது பால் வெட்டியிருப்பார்கள். அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. ஆனாலும் பழைய லயன் வீடுகளின் பின்பக்கம், கீரைப் பாத்தி ஓரம், மழை விட்ட இரவில் டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு பாத்தியில் எத்தனை நத்தைகள் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது? கண்ணில் பட்டதை எண்ணினால் போதாது. மண்ணுக்குள்ளும் இலைச் சருகுக்கு அடியிலும் ஒளிந்திருப்பவை எத்தனையோ.

இதற்கு உயிரியல் பாடத்தில் ஒரு வழி படித்திருப்பீர்கள். முதல் இரவு சில நத்தைகளைப் பிடித்து, ஓட்டின் மேல் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அவை மற்ற நத்தைகளோடு நன்றாகக் கலந்த பிறகு, சில நாள் கழித்து, இரண்டாவது முறை போய்ப் பிடிக்க வேண்டும். அவற்றில் எத்தனை நத்தைகள் புள்ளியோடு இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு இந்தச் சூத்திரம்:

N = M × C ÷ R

M என்பது முதல் முறை பிடித்துக் குறியிட்டவை. C என்பது இரண்டாம் முறை பிடித்தவை மொத்தம். R என்பது அந்த இரண்டாம் பிடிப்பில் புள்ளியோடு வந்தவை, அதாவது மறுபிடிப்பு. N தான் நாம் தேடும் மொத்த எண்ணிக்கை.

இதன் காரணம் எளிது. இரண்டாம் முறை பிடித்ததில் ஐந்தில் ஒன்று புள்ளியோடு வந்தால், பாத்தி முழுவதிலும் ஐந்தில் ஒன்றுதான் புள்ளி வைத்ததாக இருக்கும். நாம் புள்ளி வைத்தது 20 என்றால் மொத்தம் 100. டென்மார்க் நாட்டு மீன்வள ஆய்வாளர் பீட்டர்சன் 1896ல் மீன்களுக்கு அடையாளம் இட்டு ஆராய்ந்தார். அமெரிக்காவின் லிங்கன் 1930ல் காலில் வளையம் இட்ட காட்டு வாத்துகளைக் கொண்டு கணக்கிட்டார். இருவர் பெயரையும் சேர்த்து இதை லிங்கன்–பீட்டர்சன் முறை என்கிறார்கள்.

பாடநூலில் இதோடு முடிந்துவிடும். ஆனால் இந்தச் சூத்திரத்துக்குள் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. R சிறிய எண்ணாக இருக்கும்போது அது வெளியே தெரியும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரே பாத்தி, இரண்டு விடை

ஒரு பாத்தியில் உண்மையில் 100 நத்தைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தெரியும், கணக்குப் போடும் மாணவர்களுக்குத் தெரியாது. அவர்கள் 20 நத்தைகளுக்குப் புள்ளி வைக்கிறார்கள். இரண்டாம் முறையும் 20 பிடிக்கிறார்கள். சராசரியாகப் பார்த்தால் அதில் 4 புள்ளியோடு வர வேண்டும். அப்படி வந்தால் 20 × 20 ÷ 4 = 100. விடை சரி.

ஆனால் நத்தைகள் நம் சராசரியைப் பார்த்து வருவதில்லை. ஒரு குழுவுக்கு 2 வரலாம், இன்னொரு குழுவுக்கு 6 வரலாம். இரண்டு குழுவும் நான்கிலிருந்து சமமாக, இரண்டே இரண்டு நத்தைதான் விலகியிருக்கின்றன. விடைகளைப் பாருங்கள்.

R = 2 என்றால் 400 ÷ 2 = 200.
R = 6 என்றால் 400 ÷ 6 = சுமார் 67.

முதல் குழு உண்மையைவிட 100 கூடுதலாகச் சொல்கிறது. இரண்டாம் குழு 33 மட்டுமே குறைவாகச் சொல்கிறது. விலகல் சமம், ஆனால் பிழை சமமில்லை. இரண்டு விடைகளின் சராசரி 133. உண்மை 100.

R = 1 வந்த குழுவைக் கேட்டால் 400 என்று சொல்லும். அதற்கு எதிர்ப்பக்கம், 7 வந்த குழு 57 என்று சொல்லும். மேலே போகும் பிழைக்கு எல்லை வெகு தூரத்தில் இருக்கிறது. கீழே போகும் பிழையோ சீக்கிரமே நின்றுவிடுகிறது. R எண்ணால் பெருக்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நாம் வகுக்கிறோம். வகுக்கும் எண் ஒன்றுக்கு அருகே போகப் போக விடை எகிறுகிறது.

R = 0 என்றால் நிலைமை இன்னும் மோசம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. சூத்திரம் வாயே திறக்காது.

இப்படிப் பல முறை செய்து பார்த்தால் விடைகளின் சராசரி உண்மையிலிருந்து ஒரே பக்கமாக விலகி நிற்பதைச் சாய்வு என்கிறோம். ஒரு தராசில் எப்போதும் பத்து கிராம் கூடுதலாகக் காட்டுவதுபோல. ஒருமுறை கூடுதல், ஒருமுறை குறைவு என்றால் அது தற்செயல். பலமுறை செய்து சராசரி எடுத்தால் அது போய்விடும். சாய்வு அப்படிப் போகாது.

ஆறு ரப்பர் கொட்டைகள்

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே செய்து பாருங்கள். நத்தைக்குப் பதிலாக ஆறு ரப்பர் கொட்டைகள் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஆறு கோலிக்குண்டு போதும். மூன்றில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் மூன்றை எடுங்கள். இங்கே M = 3, C = 3, உண்மையான N = 6.

ஆறில் மூன்றை எடுக்க மொத்தம் 20 வழிகள் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் சம வாய்ப்பு. அவற்றை வகை பிரிப்போம்.

புள்ளி ஒன்றுகூட வராதது 1 வழி.
ஒரு புள்ளி வருவது 9 வழிகள்.
இரண்டு புள்ளி வருவது 9 வழிகள்.
மூன்றும் புள்ளியாக வருவது 1 வழி.

ஒரு புள்ளிக்கு 9 வழி எப்படி? புள்ளிக் கொட்டைகள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 3 வழி. புள்ளி இல்லாத மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 3 வழி. 3 × 3 = 9. இரண்டு புள்ளிக்கும் அப்படியே.

முதலில் R எண்ணைச் சோதிப்போம். 20 வழிகளிலும் வந்த புள்ளிகளைக் கூட்டினால் 0 + 9 + 18 + 3 = 30. சராசரி 30 ÷ 20 = 1.5. எதிர்பார்த்ததும் அதுவே, ஏனென்றால் பாதிக் கொட்டைகளில் புள்ளி இருக்கிறது, நாம் எடுப்பது மூன்று. ஆகவே பிடிப்பில் எந்த ஏமாற்றும் இல்லை. குலுக்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது.

இப்போது பாடநூல் சூத்திரம். R = 1 என்றால் 9. R = 2 என்றால் 4.5. R = 3 என்றால் 3. பூச்சியம் வந்த ஒரு வழிக்கு விடையே இல்லை, அதை ஒதுக்குவோம். மீதி 19 வழிகளின் விடைகளைக் கூட்டினால்:

9 × 9 + 9 × 4.5 + 1 × 3 = 124.5

124.5 ÷ 19 = சுமார் 6.55. ஆறு வர வேண்டிய இடத்தில் ஆறரைக்கு மேல் வந்திருக்கிறது. குலுக்கல் நேர்மை, கூட்டல் சரி, ஆனாலும் விடை மேலே சாய்ந்துவிட்டது. சாய்வு வகுத்தல் என்ற படியில்தான் நுழைகிறது என்பதை இப்போது கையாலேயே பிடித்துவிட்டீர்கள்.

கற்பனை நத்தை

இதற்கு 1951ல் டக்ளஸ் சாப்மன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் கொடுத்த திருத்தம்தான் இன்று வழக்கமாகப் பயன்படுகிறது.

N = (M + 1) × (C + 1) ÷ (R + 1) − 1

முதலில் பார்க்கும்போது இது மந்திரம்போல இருக்கும். எங்கிருந்து வந்தன இத்தனை ஒன்றுகள்? நினைவில் வைக்க ஒரு கதை சொல்கிறேன்.

பாத்தியில் இல்லாத ஒரு நத்தையைக் கற்பனை செய்யுங்கள். அதற்கு நாம் கட்டாயம் புள்ளி வைத்துவிட்டோம். இரண்டாம் முறை அது கட்டாயம் நம் கையில் அகப்படுகிறது. அப்போது என்ன மாறும்? குறியிட்டவை M + 1 ஆகும். இரண்டாம் முறை பிடித்தவை C + 1 ஆகும். மறுபிடிப்பு R + 1 ஆகும். அதே பழைய சூத்திரத்தில் இந்த எண்களைப் போடுங்கள். வரும் விடையில் அந்தக் கற்பனை நத்தையும் சேர்ந்திருக்கும். அது உண்மையில் இல்லையே, ஆகவே கடைசியில் ஒன்றைக் கழித்துவிடுகிறோம். சூத்திரம் முழுவதும் அவ்வளவுதான்.

இந்தக் கற்பனை நத்தை செய்யும் வேலை என்ன? கீழே உள்ள எண் இனி ஒருபோதும் பூச்சியம் ஆகாது. ஒன்றால் வகுத்து விடை எகிறும் இடமும் மாறுகிறது. முன்பு R = 1 வந்தால் ஒன்றால் வகுத்தோம், இப்போது இரண்டால் வகுக்கிறோம். R பெரிதாக இருந்தால், உதாரணமாக 50 என்றால், ஒன்றைக் கூட்டுவதால் பெரிய மாற்றம் இல்லை. ஆக, திருத்தம் தேவைப்படும் இடத்தில் பலமாகவும், தேவைப்படாத இடத்தில் மெதுவாகவும் வேலை செய்கிறது.

கதை நினைவுக்கு உதவும், ஆனால் நிரூபணம் ஆகாது. ஆறு கொட்டைகளிடம் திரும்பப் போவோம். M + 1 = 4, C + 1 = 4, பெருக்கினால் 16.

R = 0 என்றால் 16 ÷ 1 − 1 = 15.
R = 1 என்றால் 16 ÷ 2 − 1 = 7.
R = 2 என்றால் 16 ÷ 3 − 1 = நான்கும் மூன்றில் ஒன்றும்.
R = 3 என்றால் 16 ÷ 4 − 1 = 3.

இப்போது 20 வழிகளையும் கூட்டுங்கள், எதையும் ஒதுக்க வேண்டாம். 1 × 15 = 15. 9 × 7 = 63. 9 × நான்கும் மூன்றில் ஒன்றும் = 39. 1 × 3 = 3. மொத்தம் 120. அதை 20ஆல் வகுத்தால் 6. ஆறரையும் இல்லை, ஐந்தே முக்காலும் இல்லை, மிகச்சரியாக 6.

இது தற்செயல் அல்ல. M, C இரண்டையும் கூட்டினால் N எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும்போதெல்லாம் சாப்மன் சூத்திரத்தின் சராசரி மிகச்சரியாக உண்மையான N ஆகவே வரும். நம் கொட்டைக் கணக்கில் 3 + 3 = 6, நிபந்தனை சரியாகப் பொருந்துகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? 15, 7, நான்கும் சொச்சம், 3 என்ற நான்கு விடைகளில் 6 என்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் சரியான விடை கிடைக்கும் என்று சாப்மன் வாக்குக் கொடுக்கவில்லை. பலமுறை செய்தால் மேலும் கீழும் சமமாகும் என்பதே வாக்கு.

ஆயிரம் வகுப்புகள்

நத்தைப் பாத்திக்குத் திரும்புவோம். 100 நத்தைகள், 20 புள்ளி, 20 பிடிப்பு. இதே வேலையை ஆயிரம் வகுப்புகள் தனித்தனியே செய்தால் என்ன நடக்கும் என்று நிகழ்தகவைக் கொண்டு கணக்கிடலாம். கொட்டைகளுக்குப் போட்ட அதே கணக்குதான், எண்கள் மட்டும் பெரியவை.

சுமார் 244 வகுப்புகளுக்கு 4 மறுபிடிப்பு வரும். 216 வகுப்புகளுக்கு 3, 192 வகுப்புகளுக்கு 5 வரும். 126 வகுப்புகளுக்கு 2 மட்டுமே வரும். 43 வகுப்புகளுக்கு ஒன்றே ஒன்று. 7 வகுப்புகள் ஒன்றுகூடக் கிடைக்காமல் திரும்பும். மீதி வகுப்புகளுக்கு ஆறோ அதற்கு மேலோ வரும்.

பாடநூல் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் 126ம் 43ம் சேர்ந்த 169 வகுப்புகள், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு வகுப்பு, உண்மையைப்போல் இரண்டு மடங்கு அல்லது நான்கு மடங்கு விடை எழுதும். பூச்சியம் வந்த 7 வகுப்புகளை ஒதுக்கிவிட்டு மற்ற எல்லா விடைகளின் சராசரி எடுத்தால் சுமார் 122 அல்லது 123 வருகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்.

சாப்மன் சூத்திரத்தில் எல்லா வகுப்புகளின் சராசரி 99.6. இங்கே 20ம் 20ம் கூட்டினால் 100க்குக் குறைவு, ஆகவே மிகச்சரியாக 100 வரவில்லை. ஆனாலும் அரை நத்தைகூடக் குறையவில்லை.

4 மறுபிடிப்பு வந்த வகுப்பு இதைப் படித்துவிட்டுக் குழம்பக்கூடும். பாடநூல் அவர்களுக்கு 100 என்று சரியாகச் சொன்னது. சாப்மனோ 441 ÷ 5 − 1 = சுமார் 87 என்கிறார். நல்ல விடையைக் கெடுத்துவிட்டாரே? அந்த ஒரு வகுப்பைப் பொறுத்தவரை ஆமாம். ஆனால் பாத்தியில் 100 இருப்பது அந்த வகுப்புக்குத் தெரியாது. தன் விடை நல்ல விடையா என்று தெரியாதவருக்கு, ஆயிரம் பேரின் சராசரியைச் சரியாக வைக்கும் வழியே நம்பத் தகுந்தது.

சாய்வு போனாலும் தடுமாற்றம் போகாது

இரண்டே மறுபிடிப்பு வந்த வகுப்பை எடுப்போம். பாடநூல் சூத்திரம் 200 என்றது. சாப்மன் 441 ÷ 3 − 1 = 146 என்கிறார். உண்மைக்கு நெருக்கமாக வந்தாலும் இன்னும் தூரம்தான். விடையோடு சேர்த்து, அது எவ்வளவு தடுமாறக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத் திட்டப் பிழை என்று பெயர். அதன் வர்க்கத்துக்கான சூத்திரம்:

(M + 1)(C + 1)(M − R)(C − R) ÷ [(R + 1)² (R + 2)]

நம் எண்களைப் போட்டால் 21 × 21 × 18 × 18 ÷ (9 × 4) = 3969. அதன் வர்க்கமூலம் 63. ஆகவே அந்த வகுப்பு "146, திட்டப் பிழை 63" என்று எழுத வேண்டும். 146லிருந்து 63 கீழே போனால் 83, மேலே போனால் 209. உண்மையான 100 அதற்குள்தான் இருக்கிறது. "200 நத்தைகள்" என்று அடித்துச் சொல்வதைவிட இது எவ்வளவோ நேர்மையான விடை.

திருத்தத்தையே கெடுப்பது எப்படி

மறுபிடிப்பு பூச்சியமாக வந்தால் மாணவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? "இது கணக்கில் வராது டீச்சர், நாளைக்கு மறுபடி போகலாம்" என்பார்கள். கிடைக்கும்வரை போய், கிடைத்த இரவின் எண்ணை மட்டும் எழுதுவார்கள். கொட்டைக் கணக்கில் இதைச் செய்து பாருங்கள். பூச்சியம் வந்த வழியின் விடை 15. அதை எடுத்துவிட்டால் கூட்டுத்தொகை 105. 19ஆல் வகுத்தால் சுமார் 5.5. இப்போது சாய்வு கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. சாப்மன் தராசு சமமாக நிற்க, பூச்சியம் வந்த இரவும் தட்டில் இருக்க வேண்டும்.

அதே நேரம், பூச்சியத்துக்கு வரும் விடையை உண்மை என்று நம்பவும் கூடாது. 20ம் 20ம் பிடித்து ஒன்றுமே கிடைக்காவிட்டால் சாப்மன் 21 × 21 − 1 = 440 என்கிறார். இந்த 440 நத்தைகளைப் பற்றிய செய்தி அல்ல. நாம் எவ்வளவு உழைத்தோம் என்பதைப் பற்றிய செய்தி. 20ம் 20ம் பிடிக்கும்வரை இந்தச் சூத்திரத்தால் 440க்கு மேல் சொல்லவே முடியாது. பாத்தியில் உண்மையில் ஆயிரம் நத்தைகள் இருந்தால், எத்தனை வகுப்புகள் செய்தாலும் எல்லா விடையும் 440 அல்லது அதற்குக் கீழேதான் வரும். ஆகவே பிடிப்பு மிகக் குறைவாக இருந்தால் சாப்மன் சூத்திரமும் சாய்ந்துவிடும், ஆனால் கீழ்நோக்கி.

எல்லை எங்கே? M × C என்பது N எண்ணைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தால், அதாவது சராசரியாக நான்குக்கு மேல் மறுபிடிப்பை எதிர்பார்க்க முடிந்தால், மிஞ்சும் சாய்வு நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆனால் N நமக்குத் தெரியாதே? அதனால் களத்தில் உள்ளவர்கள் வேறு விதி வைத்திருக்கிறார்கள்: கையில் ஏழு மறுபிடிப்பாவது வந்திருந்தால் சாய்வைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அதற்குக் குறைந்தால் விடையை எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும்.

இதைப் போவதற்கு முன்பே திட்டமிடலாம். பாத்தியில் சுமார் 400 நத்தைகள் இருக்கும் என்று தோன்றுகிறதா? 20ம் 20ம் பெருக்கினால் 400, எதிர்பார்க்கும் மறுபிடிப்பு ஒன்றே ஒன்று. அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். 60ம் 60ம் பிடித்தால் 3600, எதிர்பார்ப்பு 9. அதுவே செய்யத் தகுந்த வேலை.

இன்னொன்றும் உண்டு. கற்பனை நத்தை வகுத்தலின் கோளாறை மட்டுமே சரிசெய்யும். நகச்சாயம் மழையில் உரிந்துபோனால் R குறையும், விடை பொய்யாக உயரும். முதல் முறை பிடித்த நத்தைகளைப் பாத்தியின் ஒரு மூலையில் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை எதிர் மூலையில் தேடினாலும் அப்படியே. இந்தப் பிழைகளை எந்தச் சூத்திரமும் அறியாது. மேற்கண்ட கணக்கில் ஆயிரம் வகுப்புகளும் இப்பிழை எதுவும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டோம். சாய்வு அப்போதும் வந்தது.

யாருக்கு இது முக்கியம்

நத்தைக் கணக்கு தவறினால் கீரைப் பாத்திதான் பாதிக்கும். ஆனால் மறுபிடிப்பு குறைவாக வருவது எங்கே என்று யோசியுங்கள். அரிய உயிர்களிடம்தான்.

ஈப்போவுக்கு வடக்கே செமோர் பக்கம் குனோங் கந்தான் என்ற சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. அங்கே கண்டெடுக்கப்பட்ட சரோப்பா லஃபார்ஜை என்ற மிகச் சிறிய நத்தை 2014ல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அதே குன்றில் கல் உடைக்கும் வேலையும் நடந்து வந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் உயிரை யாராவது குறியிட்டு எண்ண முயன்றால் கையில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ மறுபிடிப்பாகத்தான் இருக்கும். பழைய சூத்திரம் அங்கே எந்தப் பக்கம் சாயும்? மேல் பக்கம். இருப்பதைவிட அதிகமாக இருப்பதாகக் காட்டும். ஆபத்தில் உள்ள உயிருக்கு இதைவிடக் கெட்ட பிழை இல்லை.

நம் மாநிலத்தின் வடக்கே ராயல் பெலும் காட்டில் புலிகளை எண்ணவும் இதே வேர்ச்சிந்தனைதான். புலிக்கு நகச்சாயம் தேவையில்லை, ஒவ்வொன்றின் வரியும் வேறு. தானியங்கிக் கேமரா எடுத்த படத்தில் அதே வரிகள் மீண்டும் வந்தால் அது மறுபிடிப்பு. பல நாள் படங்களையும் கேமரா நின்ற இடங்களையும் சேர்த்துப் பார்க்கும் விரிவான கணக்குமுறைகளை அங்கே பயன்படுத்துகிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, நாட்டின் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே இருப்பதாக மதிப்பிட்டது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

மனிதர்களை எண்ணும்போதும் இதே சிக்கல் வந்திருக்கிறது. கல்கத்தா அருகே சிங்கூரில் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும், வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டவர் எத்தனை பேர் என்று சந்திரசேகரும் டெமிங்கும் 1949ல் ஒரு கட்டுரையில் கணக்கிட்டார்கள். முதல் பட்டியல் M, இரண்டாவது C, இரண்டிலும் இருப்பவர் R. எல்லோருக்கும் பதிவாகும் வாய்ப்பு ஒன்றாக இருக்காது என்பதால் மக்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் குழுவைச் சிறிதாக்கும்போது ஒவ்வொரு குழுவின் R எண்ணும் சிறிதாகும், நாம் இன்று பார்த்த சாய்வு வாசலில் வந்து நிற்கும். ஒரு பிழையைத் துரத்தும்போது இன்னொன்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் நத்தை எண்ணப் போவதாக இருந்தால் கையுறை போடுங்கள். அந்த நத்தைகள் சுமக்கும் ஒரு புழு மூளையுறை அழற்சியை உண்டாக்கும், ஆகவே முடித்ததும் சோப்பால் கை கழுவ மறக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் விடையை மட்டும் எழுதாமல் M, C, R மூன்றையும் எழுதுங்கள். R என்ன என்று தெரியாமல் யார் சொன்ன எண்ணிக்கையையும் எடைபோட முடியாது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு: ஐந்து கொட்டைகள், அதில் இரண்டில் புள்ளி, பார்க்காமல் எடுப்பது மூன்று. மொத்தம் 10 வழிகள். பூச்சியம், ஒன்று, இரண்டு புள்ளி வரும் வழிகள் முறையே 1, 6, 3. இரண்டு சூத்திரங்களையும் போட்டுச் சராசரி எடுங்கள். சாப்மன் சூத்திரத்தில் 5 வந்தால் நீங்கள் செய்தது சரி.